முதல் கடிதம் அம்பாறைக்கு

கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தி வழியாக அம்பாறை நகரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். இந்த முனையில் பேசுவது தமிழ், அந்த முனையில் சிங்களம். 1961-ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கிய அம்பாறை மாவட்டத்தில், 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 43 வீதம் முஸ்லிம்கள், 39 வீதம் சிங்களவர், 17 வீதம் தமிழர். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஆறாம் தரத்திலிருந்து மற்றவரின் மொழியைப் பாடசாலையில் படிக்கிறார்கள். பரீட்சைத் தாளில் எழுதவும் செய்கிறார்கள். ஆனால் அந்த மொழியில் ஒரு மனிதருக்கு எழுதிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

மொழி கற்பதற்காக இருவர் கடிதம் மாற்றிக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் பயன்படுகிறது. ஐரோப்பாவில் இதற்கு ‘டேண்டம்’ என்று பெயர். இரண்டு பேர் முன்னும் பின்னும் அமர்ந்து ஒரே சைக்கிளை மிதிப்பதிலிருந்து வந்த பெயர் அது. பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர்களைச் சந்திக்க வைக்கும் முயற்சிகளில் 1960-களின் இறுதியில் இந்த முறை வளர்ந்தது. 1990-களில் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராமர்ட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதை மின்னஞ்சலுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் வகுத்த விதி எளியது: கடிதத்தில் பாதி உன் மொழியில் இருக்கட்டும், பாதி அவன் மொழியில் இருக்கட்டும். உன் மொழியில் நீ எழுதும் பாதி அவனுக்குப் பாடப்புத்தகம். அவன் மொழியில் நீ எழுதும் பாதி உனக்குப் பயிற்சி. இருவரும் சம அளவு கொடுத்து, சம அளவு வாங்க வேண்டும்.

விதி எளிதுதான். தடுமாற்றம் முதல் கடிதத்தில், அதிலும் முதல் ஐந்தாறு வரிகளில் இருக்கிறது. வணக்கம் சொல்லி, பெயர், வயது, ஊர், குடும்பம், பொழுதுபோக்கு என்று எழுதி முடித்துவிடலாம் என்று தோன்றும். பத்திரிகைகளின் பேனா நண்பர் பக்கங்களில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது: பெயர், வயது, முகவரி, பிறகு ‘பொழுதுபோக்கு: வானொலி கேட்டல், முத்திரை சேகரித்தல், பத்திரிகை வாசித்தல்’. நூறு பேர் எழுதினாலும் அந்த வரி ஒன்றாகவே இருக்கும். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று வாங்கியவருக்குத் தெரியாது. கடிதத்தின் ஒவ்வொரு வரியும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வரியை வரவழைக்க வேண்டும். முதல் கடிதம் நன்றாக இருக்கிறதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் மாணவி ஒருவர், அம்பாறைக்கு அப்பால் கல்லோயாக் குடியேற்றக் கிராமம் ஒன்றில் இருக்கும் சிங்கள மாணவிக்கு எழுதும் முதல் கடிதத்தை வரிவரியாகப் பார்ப்போம். பெயர் ரிப்னா என்று வைத்துக்கொள்வோம். இது நான் எழுதிக்காட்டும் மாதிரி.

முதல் கேள்வி, எந்த வாழ்த்தோடு தொடங்குவது? ரிப்னாவின் வீட்டில் கடிதம் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று தொடங்கும். பழைய பழக்கமுள்ள வீடுகளில் அதற்கும் மேலே, தாளின் உச்சியில் 786 என்று எழுதுவார்கள். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய எண்களின் கூட்டுத்தொகை அது. சிங்கள மாணவிக்கு அது ஏதோ பதிவு இலக்கம் போலத் தெரியும். எழுதுவதானால் விளக்கத்தோடு எழுத வேண்டும், விளக்கம் எழுத முதல் கடிதத்தில் இடமில்லை. ஆகவே விட்டுவிடலாம். ‘வணக்கம்’ என்ற சொல்லை முஸ்லிம் வீடுகளில் சிலர் பயன்படுத்துவார்கள். வணங்குதல் என்ற பொருள் அதற்குள் இருப்பதால் சிலர் தவிர்ப்பார்கள். அது அவரவர் வீட்டு விடயம்.

சிங்களப் பக்கம் பார்த்தால், ‘ஆயுபோவன்’ என்பது மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய வாழ்த்து. நீண்ட ஆயுள் உண்டாகட்டும் என்பது பொருள். ஒரே வயதுப் பெண்கள் கடிதத்தில் அப்படித் தொடங்குவது அரிது. ‘ஆதரணீய மித்துரிய’ என்று தொடங்குவார்கள், அதாவது அன்புள்ள தோழிக்கு. பிறகு ‘கொஹொமத?’ என்று கேட்பார்கள், அதாவது எப்படி இருக்கிறீர்கள். நம் நாட்டின் அரச விழாக்களில் அறிவிப்பாளர் மூன்று வாழ்த்துகளையும் வரிசையாகச் சொல்லித் தொடங்குவதை எல்லோரும் கேட்டிருப்போம். கடிதத்திலும் அந்த வழி சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். ரிப்னா தன் வாழ்த்தைத் தமிழ்ப் பகுதியில் எழுதட்டும், தோழியின் வாழ்த்தைச் சிங்களப் பகுதியில் எழுதட்டும். தன் வாழ்த்தின் பொருளை ஒரே வரியில் சொல்லட்டும். பதிலுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதையும் எழுத வேண்டாம்.

இரண்டாவது, பெயர். இந்தக் கரையில் பாத்திமா என்ற முதற்பெயர் ஒரு வகுப்பிலேயே பலருக்கு இருக்கும். வீட்டிலும் வகுப்பிலும் கூப்பிடுவது இரண்டாம் பெயரை. முன்னால் வாப்பாவின் பெயரிலிருந்து வரும் எழுத்துகள் வேறு. தன் முழுப்பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், ‘அன்புள்ள பாத்திமா’ என்று பதில் வரும். அவளை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. ஆகவே பெயருக்கு இரண்டு வரி தேவை: என் பெயர் பாத்திமா ரிப்னா, என்னை ரிப்னா என்று கூப்பிடுங்கள். சிங்களத்தில் ‘மகே நம பாத்திமா ரிப்னா. மட்ட ரிப்னா கியன்ன.’ இரண்டாவது வரியைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எனக்கு ரிப்னா சொல்லுங்கள்’ என்று வருகிறது. தமிழில் ‘என்னை’ வரும் இடத்தில் சிங்களத்தில் ‘எனக்கு’ வருகிறது. இதைக் கவனிக்காமல் தமிழை அப்படியே மாற்றினால் முதல் பிழை இங்கேயே விழும்.

மற்ற இடங்களில் இரண்டு மொழியும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றாக நடக்கின்றன. இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வரும். ‘எனக்கு வயது பதினேழு’ என்பதைச் சிங்களத்தில் ‘மட்ட அவுருது தாஹத்தயி’ என்பார்கள், அங்கேயும் ‘எனக்கு’தான். ‘நான் இருப்பது கல்முனைப் பக்கம்’ என்பது ‘மம இன்னே கல்முனே லங்க’ ஆகிறது. இருக்கிறேன் என்று சொல்லாமல் ‘இருப்பது’ என்று திருப்பி, ஊரைக் கடைசியில் வைத்து அழுத்திச் சொல்லும் அந்த வாக்கிய அமைப்பு இரண்டு மொழியிலும் அப்படியே இருக்கிறது. ‘பிழைகளைத் திருத்தித் தாருங்கள்’ என்பதற்கு ‘வெரதி ஹதலா தென்ன’. திருத்தி என்பதற்கு ஹதலா, தாருங்கள் என்பதற்குத் தென்ன. ஆங்கிலத்தை நடுவில் வைத்துச் சிங்களம் எழுதப் பழகிய பிள்ளைகள் இந்த நெருக்கத்தை இழந்துவிடுகிறார்கள். முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, அதை உடைத்து, சொற்களை இடம்மாற்றிச் சிரமப்படுகிறார்கள். ரிப்னா நேராகத் தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போகலாம். சுய அறிமுகத்தின் பெரும்பாலான வரிகளுக்கு அந்தப் பாதை திறந்தே இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பாதை கவிழ்க்கும். தமிழில் பூனையும் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது. சிங்களத்தில் உயிருள்ளதற்கு ஒரு வினை, உயிரற்றதற்கு வேறு வினை. வீட்டில் பூனை ‘இன்னவா’, சைக்கிள் ‘தியெனவா’. தமிழ் பேசுபவர் எழுதும் சிங்களத்தில் சைக்கிளும் புத்தகமும் அலுமாரியும் உயிரோடு ‘இன்னவா’ என்று உட்கார்ந்திருக்கும். குடும்பத்தையும் வீட்டையும் பற்றி எழுதும் கடிதத்தில் இந்தப் பிழை வராமல் இருக்காது. எதிர்ப்பக்கப் பிழையும் இதைப்போலவே உறுதியாக வரும். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவள் என்று ஆள் மாறினாலும் வினை மாறுவதில்லை. ஆகவே அம்பாறைத் தோழி எழுதும் தமிழில் ‘நான் வருகிறது’, ‘அக்கா வருகிறது’ என்று இருக்கும். இதைக் கண்டு சிரிக்கக்கூடாது. அவளுடைய மொழியின் ஒழுங்கு அந்த வாக்கியத்தில் தெரிகிறது.

இனி எழுத்து. நான் இங்கே சிங்கள வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டுவது வாசகர் ஒலியைப் பிடிப்பதற்காக மட்டும். ரிப்னா தன் கடிதத்தில் அப்படிச் செய்யக்கூடாது. நம்முடைய ‘க’ ஒன்றுக்குச் சிங்களத்தில் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. ‘கல்’ என்று தமிழில் எழுதினால், சிங்களத்தில் அது பாறையா காலமா என்று தெரியாது. வல்லின ஒலியில் சொன்னால் காலம், மெல்லச் சொன்னால் பாறை. கல்லோயா என்பதில் இருப்பது பாறை. பாறையும் ஓடையும் சேர்ந்த பெயர். ‘வெரதி’ என்று நான் எழுதிய சொல்லின் முதல் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. வாயை அகலத் திறந்து சொல்லும் எகரம் அது. ‘மட்ட’ என்பதிலும் இரட்டை ‘ட்’ சிங்களத்தில் இல்லை. தமிழில் ஒற்றையாக எழுதினால் ஒலி மென்மையாகிவிடும் என்பதற்காக நான் இரட்டித்தேன். பத்து வரி எழுதச் சிங்கள எழுத்தில் ஒரு மணி நேரம் ஆகட்டும். கோணலாக இருக்கட்டும். தோழி வாசிக்கக்கூடிய எழுத்து அதுதான். அவளும் ல, ள, ழ மூன்றுக்கும், ன, ண, ந மூன்றுக்கும் நடுவில் இதே பாட்டைப் படுவாள்.

மூன்றாவது, குடும்பம். அம்பாறைத் தோழியின் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அம்மா, அப்பா, அக்கா, அண்ணா என்று படித்திருப்பாள். ரிப்னாவின் கடிதத்தில் உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா என்று வரும். காக்கா என்று அகராதியில் தேடினால் பறவை கிடைக்கும். இந்த ஊர்களில் அது மூத்த சகோதரன். இன்னும் சிக்கல், இலங்கை முஸ்லிம்கள் பலர் மூத்த சகோதரியைத் ‘தாத்தா’ என்பார்கள், சிங்களத்தில் ‘தாத்தா’ என்றால் தகப்பன். ‘எங்கள் தாத்தா கலியாணம் முடித்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறா’ என்று எழுதினால், தோழி என்ன நினைப்பாள் என்று பாருங்கள். இதற்காக அம்மா, அப்பா என்று மாற்றி எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாடப்புத்தகத்தில் இல்லாத தமிழைத் தருவதுதான் ரிப்னா தோழிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அது யார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தைப் பற்றி எழுதும்போது இந்தக் கரைக்கே உரிய ஒரு செய்தி வந்தே தீரும். இங்கே கலியாணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தாய்வழியில் வரும் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்குக் குடி மரைக்காயர்மார் இருந்த வழக்கமும் உண்டு. புதிதாக ஒருவரைக் கண்டால் பெரியவர்கள் ‘எந்தக் குடி?’ என்று கேட்பார்கள். ஆகவே ‘இது உம்மாட வீடு. ராத்தாவுக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிறம்’ என்ற இரண்டு வரி எங்களுக்குச் சாதாரணம், தோழிக்குப் புதுமை. ஏன் ராத்தா மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை என்று அவள் கேட்பாள். ‘எனக்குக் கிரிக்கெட் பிடிக்கும்’ என்ற வரி இப்படி ஒரு கேள்வியைக் கேட்க வைக்காது.

ஊரைப் பற்றி எழுதும்போதும் இதையே கவனிக்கலாம். ரிப்னா மருதமுனைப் பிள்ளை என்றால் தறியைப் பற்றி எழுதட்டும். வாப்பா நெய்வது சாரம். சிங்களத்திலும் ‘சரம’ என்றுதான் சொல்வார்கள், விளக்கமே வேண்டாம். நிந்தவூர், சம்மாந்துறைப் பிள்ளை என்றால் வட்டையைப் பற்றி எழுதலாம். அம்பாறைக்கு மேற்கே இங்கினியாகலையில் கட்டிய அணையின் தண்ணீர், குடியேற்றக் கிராமங்களைக் கடந்துதான் கரையோர வயல்களுக்கு வருகிறது. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949-இல் உருவானது. அணை கட்டி முடிந்தது முதல் இரண்டு பக்கத்து விவசாயிகளும் ஒரே நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கிறார்கள். பெரும்போகம் என்று இங்கே சொல்வதை அங்கே ‘மஹ’ என்பார்கள், சிறுபோகத்தை ‘யல’ என்பார்கள். ‘உங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள்?’ என்று ரிப்னா கேட்டால், தோழி வீட்டில் தகப்பனிடம் கேட்டுத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும். வீட்டார் கடிதத்துக்குள் வந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

முதல் கடிதத்தில் வேண்டாதவையும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டம் இழந்த உயிர்கள் நாட்டின் மற்ற எந்த மாவட்டத்தையும் விட அதிகம். யுத்த காலத்தில் இரண்டு பக்கத்திலும் குடும்பங்கள் இழப்புகளைச் சந்தித்திருக்கின்றன. பிறகு ஒருநாள் இவை கடிதத்துக்கு வரும், வரட்டும். மொழி அரைகுறையாக இருக்கும் முதல் நாளில் கேட்டால், பதில் சொல்லச் சொல் இல்லாமல் தோழி திணறுவாள்.

இத்தனையும் சேர்ந்தால் கடிதம் இப்படி வரும்:

அன்புள்ள தோழிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்பது இதன் பொருள். எங்கட வீட்டில் கடிதம் இப்படித்தான் தொடங்கும்.

என் பெயர் பாத்திமா ரிப்னா. என்னை ரிப்னா என்று கூப்பிடுங்கள். எனக்கு வயது பதினேழு. நான் இருப்பது கல்முனைக்குப் பக்கத்தில், மருதமுனையில். வாப்பா (தகப்பன்) தறியில் சாரம் நெய்கிறார். உம்மா (தாய்) நூல் சுற்றிக் கொடுப்பா. ராத்தா (மூத்த சகோதரி) கலியாணம் முடித்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறா. எங்கட ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு கொடுப்பார்கள். உங்கட ஊரில் எப்படி? உங்கட வீட்டில் வயல் இருக்கிறதா? வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள்?

ஆதரணீய மித்துரிய, கொஹொமத? மகே நம பாத்திமா ரிப்னா. மட்ட ரிப்னா கியன்ன. மட்ட அவுருது தாஹத்தயி. மம இன்னே கல்முனே லங்க. மட்ட சிங்ஹல ட்டிக்கக் புளுவன். வெரதி ஹதலா தென்ன.

‘மட்ட சிங்ஹல ட்டிக்கக் புளுவன்’ என்றால் எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும் என்று பொருள். சிங்களப் பகுதி சிறியது. முதல் கடிதத்தில் அப்படி இருப்பது தவறில்லை, இரண்டாவதில் கூடும். தமிழ்ப் பகுதியில் ‘எங்கட’, ‘கொடுப்பா’ என்று ஊர்ப்பேச்சு கலந்திருக்கிறது. அதையும் திட்டமிட்டே வைத்தேன். தோழி பஸ்ஸில் கேட்கப்போவது இந்தத் தமிழைத்தான். ‘போகிறேன்’ என்று படித்தவளுக்குப் ‘போறன்’ என்று காதில் விழும். சிங்களத்திலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் இதே தூரம் உண்டு: பேச்சில் ‘மம யனவா’, எழுத்தில் ‘மம யமி’. நண்பர்களுக்குள் பேச்சு வடிவம் போதும் என்று இருவரும் முதலிலேயே ஒத்துக்கொண்டால், திருத்துவதில் குழப்பம் வராது. விளிப்பதில், தமிழில் ‘நீங்கள்’ என்றே தொடங்க வேண்டும். சிங்களத்தில் ஒத்த வயதினருக்கு ‘ஒயா’ இயல்பு, ‘ஒப’ சற்று மரியாதையும் தூரமும் கொண்டது.

அனுப்புவதில் இரண்டு நடைமுறை. பெண்பிள்ளைகளின் வீட்டு முகவரியைக் கொடுக்காமல் பாடசாலை முகவரிக்கு, பொறுப்பான ஆசிரியர் வழியாகப் போவது நல்லது. வீட்டாரும் கவலைப்படமாட்டார்கள். உறையில் முகவரியை ஆங்கிலத்திலும் எழுதி, கல்முனைக்கு 32300, அம்பாறைக்கு 32000 என்று தபால் குறியீட்டையும் எழுதினால் வழிதவறாது. 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகியது. மாணவர்களுக்கு இது சிறிய தொகை அல்ல. ஒரு வகுப்பின் கடிதங்களை ஒரே பொதியாக அனுப்பிக்கொள்ளும் வழியை இரண்டு பாடசாலைகள் சேர்ந்து செய்யலாம்.

பதில் வந்ததும் செய்ய வேண்டியது திருத்தம். பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். தோழியின் கடிதத்தில் இருபது பிழை இருக்கும். இருபதையும் சிவப்பு மையால் குறித்து அனுப்பினால், அடுத்த கடிதம் தாமதமாகும், அதற்கடுத்தது வராது. ஒரு கடிதத்துக்கு ஐந்து திருத்தம் போதும். எந்த ஐந்து என்பதிலும் ஒழுங்கு வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பிழை முதலில், பொருளை மாற்றும் பிழை அடுத்தது. ல, ள, ழ எழுத்துப்பிழையைக் கடைசிக்கு விடலாம். ‘அக்கா வருகிறது’ என்று மூன்று இடத்தில் இருந்தால், மூன்றையும் சேர்த்து ஒரே திருத்தமாக, ‘அக்கா வருகிறா, காக்கா வருகிறார், பஸ் வருகிறது’ என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். அவள் ஒழுங்கைத் தானே கண்டுகொள்வாள். அவளும் ரிப்னாவுக்குப் ‘பூசெக் இன்னவா, பைசிகல் எக்கக் தியெனவா’ என்று எழுதுவாள்.

இந்தப் பரிமாற்றம் எங்கே சரிகிறது என்பதை மூன்றாவது கடிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். இருவரில் ஒருவர் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால், அல்லது ஒருவரின் மொழிப் பகுதி மட்டும் நீண்டு மற்றதுக்கு இரண்டு வரி மிஞ்சியிருந்தால், ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் வாங்குகிறார் என்று பொருள். அப்போது அடுத்த கடிதத்தில் வெளிப்படையாகவே எழுத வேண்டும்: இந்த முறை சிங்களத்தில் பத்து வரி நான் எழுதியிருக்கிறேன், தமிழில் பத்து வரி நீங்கள் எழுதுங்கள், ஆங்கிலம் வேண்டாம்.